மூன்று தாளும் ஒத்தால்தான் பணம்

சப்ளையரின் பில்லுக்குப் பணம் கொடுக்குமுன் கணக்குப் பிரிவு மூன்று தாள்களை ஒப்பிடுகிறது. கேட்டது எவ்வளவு, என்ன விலைக்கு என்பதைக் கொள்முதல் ஆணை சொல்லும். உண்மையில் வந்து சேர்ந்ததைச் சரக்கு வரவுச் சீட்டு சொல்லும். சப்ளையர் கேட்கும் தொகை பில்லில் இருக்கும்.

ஓர் அச்சகம் ரீம் 250 ரூபாய் விலையில் 100 ரீம் காகிதம் கேட்டது என்று கொள்வோம். ஸ்டோரில் எண்ணியபோது 4 ரீம் நனைந்திருந்ததால் திருப்பி அனுப்பி, 96 என்று வரவு வைத்தார்கள். பில்லோ 100 ரீமுக்கு, 255 ரூபாய் விலையில், வரி நீங்கலாக 25,500 ரூபாய் என்று வருகிறது. அளவு வரவுச் சீட்டோடு ஒக்கவில்லை. விலை ஆணையோடு ஒக்கவில்லை. பில் நிறுத்தி வைக்கப்படுகிறது. தர வேண்டியது 96 × 250 = 24,000 ரூபாய். மீதி 1,500 ரூபாய்க்கு சப்ளையரிடம் கிரெடிட் நோட் வாங்கியபின் பணம் போகும்.

சில்லறை வித்தியாசத்துக்காக பில் தேங்காதிருக்க, நிறுவனங்கள் முன்கூட்டியே ஒரு வரம்பு வைத்து, அதற்குள் அடங்குவதை அனுமதிக்கின்றன.

எண்ணாமலே வரவுச் சீட்டில் 100 என்று கையெழுத்திட்டால், அளவுக் குறை இந்த ஒப்பீட்டில் தெரியாது. அதனால் ஆர்டர் போடுபவர், சரக்கை எண்ணுபவர், பணம் கொடுப்பவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும்.