உப்புத் தண்ணீரில் ஒளிந்துகொள்ளும் ஈயம்

கடலோரத்து ஆழ்துளைக் கிணறு ஒன்று. தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தியக் குடிநீர்த் தர விதிப்படி லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. சோதனைக்கூடக் கருவி 8 என்று காட்டுகிறது. வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிடலாமா?

இவ்வளவு சிறிய அளவை அளக்கக் கிராபைட் உலை பயன்படுகிறது. பென்சில் பருமனுள்ள கரிக்குழாய்க்குள் 20 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு சொட்டுக்கும் குறைவான நீரை விடுவார்கள். மின்சாரம் அந்தக் குழாயைப் படிப்படியாகச் சூடேற்றும். முதலில் நீர் ஆவியாகும். அடுத்து, சில நூறு டிகிரியில் வேண்டாத பொருட்களில் எரிந்து போகக்கூடியவை போகும். கடைசியில் 2,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஈயம் தனித்தனி அணுக்களாகி எழும். குழாயின் ஊடே செல்லும் 283.3 நானோமீட்டர் ஒளியை அந்த அணுக்கள் எவ்வளவு விழுங்குகின்றன என்பதுதான் அளவீடு. அந்த எண்ணுக்கு எத்தனை மைக்ரோகிராம் என்பதை, தூய நீரில் தெரிந்த அளவு ஈயத்தைக் கரைத்து முன்பே அளந்து வைத்திருப்பார்கள்.

கோளாறு அங்கேதான் வருகிறது. உப்பில் உள்ள குளோரைடு ஈயத்தோடு சேர்ந்து ஈயக் குளோரைடு ஆகிறது. அது எளிதில் ஆவியாகும் பொருள். கொஞ்சம் அளவீட்டுக்கு முன்பே புகையோடு போய்விடும். கொஞ்சம் அணுவாகப் பிரியாமல் மூலக்கூறாகவே நின்றுவிடும். ஈயம் இருந்தும் கருவியின் கண்ணுக்குப் படாது. தூய நீரில் போட்ட கணக்கு உப்பு நீருக்குப் பொருந்தாததற்குக் காரணம் இதுதான். அதே உப்புநீரைச் செயற்கையாகத் தயாரித்து ஒப்பிடலாமே என்றால், கிணற்று நீரில் இருக்கும் அத்தனையும் யாருக்குத் தெரியும்?

அளவுகோலை அந்தக் கிணற்று நீருக்குள்ளேயே செய்துகொள்வதுதான் ‘ஸ்டாண்டர்ட் அடிஷன்’ முறையின் சூட்சுமம். 1937இல் ஹான்ஸ் ஹோன், போலரோகிராப் கருவியைப் பற்றி எழுதிய ஜெர்மன் நூலிலேயே இதை விவரித்துவிட்டார்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நான்கு 10 மில்லி குடுவைகள். ஒவ்வொன்றிலும் கிணற்று நீர் 5 மில்லி. முதல் குடுவையில் ஈயம் சேர்ப்பதில்லை. மற்ற மூன்றில், லிட்டருக்கு 5, 10, 15 மைக்ரோகிராம் கூடும்படி ஈயக் கரைசலைச் சேர்க்கிறோம். பிறகு நான்கையும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் 10 மில்லி ஆக்குகிறோம். எல்லாக் குடுவையிலும் உப்பு ஒரே அளவு. மாறுவது ஈயம் மட்டுமே. அளவீடுகள் 0.020, 0.030, 0.040, 0.050 என வருகின்றன.

10 மைக்ரோகிராம் சேர்த்ததும் 0.020 என்பது 0.040 ஆகி இரட்டித்துவிட்டது. அப்படியானால் ஏற்கெனவே இருந்ததும் 10தான். வரைபடத்தில் இந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது கிடை அச்சை மைனஸ் 10இல் வெட்டும். கிணற்று நீரைப் பாதியாக நீர்த்ததால், உண்மை அளவு 20. அதாவது வரம்பைப்போல இரு மடங்கு! தூய நீரில் ஒரு மைக்ரோகிராமுக்கு 0.005 ஏறும் கருவி, இந்த நீரில் 0.002தான் ஏறியிருக்கிறது. தூய நீர்க் கணக்கில் 0.020ஐ 0.005ஆல் வகுத்து, வந்த 4ஐ இரட்டித்ததால்தான் முதலில் 8 கிடைத்தது.

இருந்த ஈயத்தையும் சேர்த்த ஈயத்தையும் உப்பு ஒரே விகிதத்தில் அமுக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு செல்லும். நீரில் மிதக்கும் தூசியில் ஒட்டிக்கொண்ட ஈயம், நாம் கரைசலாக ஊற்றிய ஈயம்போல நடந்துகொள்ளாது. அதனால் மாதிரியை முதலிலேயே அமிலத்தில் செரிக்க வைக்க வேண்டும். சேர்க்கும் அளவும் மிதமாக இருக்க வேண்டும். மேலே போகப் போகக் கோடு வளைந்தால், அதைப் பின்னோக்கி நீட்டுவதில் பொருளில்லை.

இன்னொரு பிழை இதைவிடத் தந்திரமானது. உலையில் எழும் உப்புப் புகையும் ஒளியை மறைக்கும். அது நான்கு குடுவைகளிலும் 0.010 கூட்டிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அளவீடுகள் 0.030, 0.040, 0.050, 0.060 ஆகும். கோடு அதே சரிவில், அதே நேர்த்தியோடு நிற்கும். விடை மட்டும் 20க்குப் பதில் 30 என்று வரும். கோட்டின் அழகைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்டாண்டர்ட் அடிஷனாலும் சரிசெய்ய முடியாது. டியூட்டீரியம் விளக்கைக் கொண்டோ காந்தப்புலத்தைக் கொண்டோ புகையின் பங்கைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். பல கருவிகள் அந்தப் பங்கைத் திரையில் தனிக் கோடாக வரைந்து காட்டுகின்றன. அது ஈயத்தின் கோட்டைவிடப் பல மடங்கு உயர்ந்திருந்தால், வரும் எண்ணை நம்பத் தயங்குவதே நல்லது.

ஒரு மாதிரிக்கு நான்கு குடுவைகள் என்றால், நூறு மாதிரிக்கு நானூறு. ஆகவே எல்லாவற்றுக்கும் யாரும் இதைச் செய்வதில்லை. முதலில் அமோனியம் நைட்ரேட்டைச் சேர்த்து, குளோரைடை அமோனியம் குளோரைடாக்கி முன்கூட்டியே ஆவியாக்கிப் பார்ப்பார்கள். பிறகு மாதிரியில் 5 மைக்ரோகிராம் ஈயம் சேர்த்து, தூய நீர்க் கணக்கில் அது எவ்வளவாகத் திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய 5 வந்தால் பழைய கணக்கே போதும். நம் கிணற்று நீரைப்போல 2தான் வருகிறது என்றால், நான்கு குடுவைகளையும் எடுத்து வைக்க வேண்டியதுதான்.