வாடிக்கையாளர் தரவுத் தணிக்கை

வாடிக்கையாளர் தரவுத் தணிக்கை என்பது, ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள வாடிக்கையாளர் விவரங்களைச் சட்டப்படி பெற்றதா, தேவையான காலம் மட்டும் வைத்திருக்கிறதா, அவற்றை யார் பார்த்தார்கள் என்று சொல்ல முடியுமா என்பதை ஆதாரங்களைக் கொண்டு சோதிக்கும் பணியாகும். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இதில் தொடக்கம் மட்டுமே. ஒரு தனி வாடிக்கையாளரின் பதிவைக் கையில் எடுத்து, அது நிறுவனத்துக்குள் நுழைந்த நாள் முதல் இன்றுவரை அதற்கு நேர்ந்ததைத் தொடர்ந்து செல்வதே தணிக்கையாளரின் முக்கிய வேலை. ஒப்புதல், வைத்திருப்புக் காலம், அணுகல் பதிவு ஆகிய மூன்றும் அந்தப் பாதையில் அடுத்தடுத்து வரும் சோதனை இடங்கள்.

சட்டப் பின்னணி

இந்தியாவில் இதற்கு அடிப்படையாக இருப்பது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் விதிகள் அமைந்துள்ளன. தரவைப் பாதுகாக்கப் போதிய ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

ஆண்டுதோறும் தணிக்கை செய்வது, மத்திய அரசு 'முக்கியத் தரவுப் பொறுப்பாளர்' என்று அறிவிக்கும் நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயம். மற்ற நிறுவனங்களுக்குத் தணிக்கை கட்டாயமில்லை என்றாலும், ஒப்புதல், நீக்கம், பாதுகாப்பு பற்றிய கடமைகள் அவற்றுக்கும் பொருந்தும். எனவே சிறு நிறுவனங்களும் தாமாகவே தணிக்கை செய்துகொள்வது உண்டு.

சென்னையில் 2024ஆம் ஆண்டு நடந்த கசிவு

தணிக்கையில் எந்தக் கேள்வி இறுதியில் முக்கியமாகிறது என்பதற்கு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் நிகழ்வு ஓர் எடுத்துக்காட்டு. அந்நிறுவன வாடிக்கையாளர்களின் பாலிசி ஆவணங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராம் செயலியில் உள்ள தானியங்கிக் கணக்குகள் வழியே கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் டெலிகிராம் மீதும், தரவை வெளியிட்டதாகச் சொல்லிக்கொண்ட நபர் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

பிறகு அந்த நபர், நிறுவனத்தின் உயர் பாதுகாப்பு அதிகாரியே தரவை விற்றதாகக் குற்றம் சாட்டினார். விசாரணையில் அந்த அதிகாரியின் தவறு எதுவும் அதுவரை தெரியவரவில்லை என்று நிறுவனம் கூறியது. இத்தகைய குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்பதை யாருடைய வாய்ச்சொல்லும் தீர்த்துவிடாது. எந்தக் கணக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு தரவை எடுத்தது என்ற அணுகல் பதிவு இருந்தால்தான் குற்றவாளியைக் கண்டுபிடிக்கவோ, நிரபராதியைக் காப்பாற்றவோ முடியும்.

ஒரு மாதிரித் தணிக்கை

இதே சோதனைகள் சிறு நிறுவனத்தில் எப்படி நடக்கும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். கீழ்க்கட்டளையில் ஒரு நிறுவனம் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களை விற்றுப் பராமரிக்கிறது என்று கொள்வோம். மடிப்பாக்கம், நங்கநல்லூர், பல்லாவரம் பகுதிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், வீட்டு முகவரி ஆகியவை அதன் கணினியில் உள்ளன. தவணையில் வாங்கியவர்களின் அடையாள அட்டை நகல்களும் இருக்கின்றன.

தணிக்கையாளர் எல்லாப் பதிவுகளையும் பார்ப்பதில்லை. புதியவர், பழையவர், ஒப்பந்தம் முடிந்தவர், அழைப்பு வேண்டாம் என்றவர் என ஒவ்வொரு வகையிலிருந்தும் சிலரைச் சேர்த்து 30 பதிவுகளைத் தாமே தேர்ந்தெடுக்கிறார். நிறுவனம் தேர்ந்து தரும் பதிவுகள் சீராக்கப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதால், தேர்வைத் தணிக்கையாளர் தம் கையிலேயே வைத்துக்கொள்வது வழக்கம்.

ஒப்புதல்

எல்லாவற்றுக்கும் ஒப்புதல் தேவையில்லை. இயந்திரம் பொருத்துவதற்காக வாடிக்கையாளர் தாமாகத் தந்த எண்ணை அந்த வேலைக்குப் பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. அதே எண்ணுக்கு விளம்பர அழைப்பு செய்வது வேறு நோக்கம். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்றதை நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

மாதிரியில் உள்ள 30 பதிவுகளிலும் 'விளம்பர ஒப்புதல்: ஆம்' என்றே இருக்கிறது. தணிக்கையாளர் அதன் பக்கத்தில் உள்ள தேதியையும் நேரத்தையும் பார்க்கிறார். 26 பதிவுகளில் ஒரே நாள், ஒரே நொடி. பழைய மென்பொருளிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றிய இரவு அது. 26 பேர் ஒரே நொடியில் சம்மதித்திருக்க முடியாது. காலியாக இருந்த இடத்தை மென்பொருள் 'ஆம்' என்று நிரப்பியிருக்கிறது. அந்த 26 ஒப்புதல்களும் ஒப்புதல் அல்ல என்று அறிக்கையில் பதிவாகிறது.

அடுத்து, ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழி சோதிக்கப்படுகிறது. ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தணிக்கையாளர் ஒரு சோதனை எண்ணைப் பதிந்து, அழைப்பு வேண்டாம் என்று தெரிவிக்கிறார். நிறுவனத்தின் கணினியில் உடனே 'இல்லை' என்று மாறுகிறது. ஆனால் பத்து நாள் கழித்தும் விளம்பர அழைப்பு வருகிறது. அழைப்பு வேலையை எடுத்துச் செய்யும் வெளி முகமைக்குப் பட்டியல் மாதம் ஒருமுறைதான் அனுப்பப்படுவது அப்போது தெரியவருகிறது.

வைத்திருப்புக் காலம்

தரவைப் பெற்ற நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அதை நீக்க வேண்டும். இங்கு ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே காலக்கெடு என்று வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு வகை விவரத்துக்கும் தனிக் காலக்கெடு உண்டு.

மாதிரியில் உள்ள ஒரு வாடிக்கையாளர் 2022 ஜூனில் தவணையில் இயந்திரம் வாங்கினார். பராமரிப்பு ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவருடைய விலைப்பட்டியலைச் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி, அந்த நிதியாண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2022–23ஆம் ஆண்டுக்கான கடைசி நாள் 2023 டிசம்பர் 31. எனவே விலைப்பட்டியல் 2029 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும்.

அடையாள அட்டை நகலின் நிலை வேறு. அது கடன் தரும் நிதி நிறுவனத்துக்கு அனுப்புவதற்காக வாங்கப்பட்டது. கடன் அனுமதிக்கப்பட்டதுமே கடைக்கு அந்த நகலால் வேலை இல்லை. ஆனாலும் அது கணினியில் இருக்கிறது. நகலைப் படம் பிடித்து அனுப்பிய ஊழியரின் வாட்சாப்பிலும் இருக்கிறது. தினமும் எடுக்கப்படும் காப்பு நகல்களிலும் இருக்கிறது. கணினியில் அழித்துவிட்டதாக நிறுவனம் சொன்னால், ஒரு காப்பு நகலைத் தனிக் கணினியில் மீட்டெடுத்துக் காட்டும்படி தணிக்கையாளர் கேட்கிறார். அழித்ததாகச் சொன்ன படங்கள் பெரும்பாலும் அங்கேதான் மீண்டும் கிடைக்கின்றன.

அணுகல் பதிவு

அணுகல் பதிவு என்பது யார், எப்போது, எங்கிருந்து, எந்தத் தரவைப் பார்த்தார் அல்லது எடுத்தார் என்பதைக் கணினி தானாக எழுதி வைக்கும் குறிப்பு. 2025ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய பதிவுகளை ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த உத்தரவு 180 நாட்கள் கேட்கிறது. ஓராண்டு வைத்தால் இரண்டும் நிறைவேறும்.

மாதிரி நிறுவனத்தின் பதிவில் ஒரு வரி இப்படி இருக்கிறது:

```
2026-03-14 23:42:07 user=service1 action=EXPORT
table=customers rows=11840 ip=192.0.2.45
```

இரவு 11.42 மணிக்கு `service1` என்ற கணக்கு 11,840 வாடிக்கையாளர் பதிவுகளை மொத்தமாக வெளியே எடுத்திருக்கிறது. பழுது பார்க்கச் செல்பவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது ஏழெட்டு முகவரிகள். யார் எடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. `service1` ஒரே கடவுச்சொல்லுடன் ஒன்பது ஊழியர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் கணக்கு. அவர்களில் இருவர் வேலையை விட்டுப் பல மாதங்கள் ஆகின்றன, கடவுச்சொல் மாற்றப்படவில்லை. பதிவு இருந்தும் அது ஒரு மனிதரைச் சுட்டவில்லை. ஒன்பது பேரும் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள், எட்டுப் பேர் காரணமின்றி.

இந்தக் குறையைக் கண்டுபிடிக்க எளிய சோதனைகள் போதும். ஓர் ஊழியரை ஒரு குறிப்பிட்ட பதிவைத் திறந்து பார்க்கச் சொல்லி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பார்வையைப் பதிவில் காட்டச் சொல்லலாம். பல மென்பொருள்கள் திருத்தத்தை மட்டும் எழுதி, பார்ப்பதை எழுதாமல் விடுவது இதில் தெரிந்துவிடும். வேலையை விட்டவர்களின் சம்பளப் பட்டியலையும் இயங்கும் கணக்குகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னொரு சோதனை.

பதிவு இருந்தாலும் அதை யாரும் படிக்காவிட்டால் பயனில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள ஹாகா மருத்துவமனையில், பிரபலமான ஒருவரின் மருத்துவக் கோப்பைச் சிகிச்சையில் தொடர்பில்லாத பல ஊழியர்கள் திறந்து பார்த்தனர். அணுகல் பதிவு அங்கு இருந்தது; அதைப் போதிய அளவு ஆராயும் வழக்கம் இல்லை. இரட்டை அடையாளச் சோதனையும் இல்லை. 2019இல் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4,60,000 யூரோ அபராதம் விதித்தது. நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது.

அறிக்கையும் வரம்புகளும்

ஒவ்வொரு குறைக்கும் எந்த ஆதாரத்தில் அது தெரிந்தது, யார் எந்த நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்பதை அறிக்கை குறிப்பிடும். மாதிரி நிறுவனத்தில் ஒவ்வொரு ஊழியருக்கும் தனிக் கணக்கு தருவதும், மொத்தமாகத் தரவை எடுக்கும் உரிமையை இருவருக்கு மட்டும் சுருக்குவதும் முதலில் வரும். 26 பேரின் விளம்பர அழைப்புகளை நிறுத்தி ஒப்புதலைப் புதிதாகக் கேட்பது அடுத்தது. பழைய அடையாள அட்டைப் படங்களை அழிப்பது மூன்றாவது. காப்பு நகல்கள் சுழற்சியில் மறையும் நாளும் குறிக்கப்படும்.

தணிக்கையால் எட்ட முடியாத இடங்களும் உண்டு. திரையைக் கைபேசியில் படம் பிடித்துச் சென்றால், பதிவில் ஒரு சாதாரணப் பார்வையாகத்தான் இருக்கும். காகிதத்தில் மட்டும் உள்ள விவரங்கள் கணினியில் ஏற்றப்படாத வரை 2023ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவதில்லை. 30 பதிவுகளில் குறை தெரியவில்லை என்பது 12,000 பதிவுகளும் சரி என்பதற்கான உறுதியும் ஆகாது. மார்ச் 14 இரவு வெளியே போன 11,840 பதிவுகளைத் தணிக்கை மீட்டுத் தரவும் முடியாது. அடுத்த முறை அப்படி நடந்தால், எடுத்தவர் யார் என்று சொல்லும் நிலையை மட்டுமே அதனால் ஏற்படுத்த முடியும்.