கோபத்தைக் கழித்துக் கோரிக்கையை நிறுத்துவோம்

உத்திரமேரூர் மளிகைக் கடைக்கு வந்த துவரம்பருப்பு எடை குறைகிறது. உறுப்பினர் மொத்த வியாபாரிக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நீங்கள் வியாபாரிகளா, கொள்ளைக்காரர்களா? நுகர்வோர் கோர்ட்டுக்கு இழுப்பேன்!”

எத்தனை கிலோ குறைவு, என்ன வேண்டும் என்பது இதில் இல்லை. திட்டுக்குப் பதில் திட்டு வரும், பணம் வராது. மேலும், மறுவிற்பனைக்கு வாங்கியவரை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. எதிர்த்தரப்புக் கணக்கருக்கு இது தெரியும், மிரட்டல் வெத்துவேட்டாகிவிடும்.

நாம் இப்படித் திருத்துவோம்:

“ஐயா, தங்கள் 5ஆம் தேதி பில்லில் கண்ட 10 மூட்டைகளில் 4 மூட்டைகள், 50 கிலோவுக்குப் பதில் 48 கிலோவே இருந்தன. லாரி ஓட்டுநர் முன்னிலையில் எடைபோட்டு அவர் கையொப்பம் பெற்றுள்ளோம்; நகல் இணைப்பு. குறைந்த 8 கிலோவுக்கு, கிலோ 120 ரூபாய் வீதம், 960 ரூபாய்க்கு 20ஆம் தேதிக்குள் கிரெடிட் நோட் அனுப்பக் கோருகிறோம். வராவிடில் இதே பில்லின் பாக்கியில் அத்தொகை நீங்கலாகச் செலுத்துவோம்.”

கடைசி வரி மிரட்டலன்று. நம்மால் செய்ய முடிந்தது. ஓட்டுநர் கையொப்பம் இல்லாவிட்டால் கடிதம் பாதி பலமே.

சரக்கையே திருப்ப எண்ணினால் தாமதம் கூடாது. நியாயமான காலத்துக்குள் மறுப்பைத் தெரிவிக்காமல் வைத்திருந்தால், 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டதாகவே ஆகும்.