எண் குறைந்ததா, விற்பனை குறைந்ததா?

ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்து புடவை விற்கும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாரம் 70 ஆர்டர் விளம்பரத்தால் வந்ததாகக் காட்டிய கணக்கு, திடீரென்று 45 என்று காட்டுகிறது. கடைக்காரர் பதறிப்போய் விளம்பரத் தொகையைப் பாதியாகக் குறைக்கிறார். உண்மையான நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் திறக்க வேண்டியது சொந்த ஆர்டர் நோட்டை. எல்லா வழியிலும் சேர்த்துப் போன வாரம் 95 ஆர்டர், இந்த வாரம் 93 என்றால், விற்பனை அப்படியேதான் இருக்கிறது. மாறியது எண்ணும் முறை.

2021 ஜனவரியில் இப்படித்தான் நடந்தது. அதுவரை, விளம்பரத்தைத் தட்டியவர் 28 நாளுக்குள் வாங்கினால் அதை ஃபேஸ்புக் விளம்பரத்தின் கணக்கில் சேர்த்தது. பிறகு வழக்கமான கெடு 7 நாளானது. அறிவிப்பு வந்திருந்தாலும் அதைப் படிக்காதவர்களுக்கு அது திடீர் அடிதான். கல்யாணப் புடவையை இன்று பார்த்து, வீட்டில் கேட்டு, பத்தாம் நாள் வாங்குகிறவர் அந்தக் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டார். இந்த நிலையில் விளம்பரத்தில் கை வைக்கக் கூடாது. குறைந்த எண்ணையே இனி அடிப்படையாக வைத்து வாரங்களை ஒப்பிட்டால் போதும்.

நோட்டிலும் ஆர்டர் குறைந்திருந்தால் கதை வேறு. அப்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஆயிரம் முறை விளம்பரம் காட்ட ஆகும் செலவு ஏறி, தட்டுபவர் விகிதம் மாறாமலிருந்தால், போட்டி கூடிவிட்டது அல்லது விளம்பரம் போய்ச் சேரும் இடம் மாறிவிட்டது. தட்டுகிறார்கள், ஆனால் வாங்கவில்லை என்றால், பழியை ஃபேஸ்புக் மேல் போடுமுன் நம் பக்கம் போனில் திறக்கிறதா, பணம் கட்ட முடிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றலாம். யாருக்குக் காட்டினால் வாங்குவார்கள் என்று ஒரு விளம்பரத் தொகுப்பு ஓரளவு கற்றுக்கொள்ள, வாரத்துக்குச் சுமார் 50 ஆர்டர் தேவை. பெரிய மாற்றம் செய்தால் அந்தப் படிப்பு முதலிலிருந்து தொடங்கும். பதற்றத்தில் தினமும் திருத்துகிறவரின் விளம்பரம் கற்று முடிப்பதே இல்லை. அதனால் தொகையைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒரு தடவைக்கு 20 சதவீதத்துக்குள் நிறுத்தி, ஒரு வாரம் பொறுப்பது இத்தொழிலில் உள்ளவர்களின் வழக்கம். வாரம் 10 ஆர்டரே வரும் சிறு கடை, நாலைந்து தொகுப்புகளை ஒன்றாக்கலாம். ஆர்டருக்குப் பதிலாக, அதைவிட அதிகம் வரும் வாட்ஸ்அப் விசாரிப்பை இலக்காக வைக்கலாம். ஆனால் விசாரிப்பவர் எல்லோரும் வாங்குவதில்லை. எத்தனை விசாரிப்புக்கு ஓர் ஆர்டர் என்பதையும் நோட்டில் எழுதி வர வேண்டும்.