நூறு பேர் உட்காரும் ஹாலில் நாற்பது பேருக்கு இடமிருக்குமா?

பயிற்சி வகுப்புக்கு ஹால் கேட்டு ஹோட்டலுக்குப் போன் செய்தால், "நூறு பேர் தாராளமா உட்காரலாம் சார்" என்பார்கள். அது பொய்யில்லை. நாற்காலிகளை மட்டும் வரிசையாகப் போட்டால் ஒருவருக்குச் சுமார் 10 சதுர அடி போதும். ஆனால் பயிற்சிக்கு மேசை வேண்டும், எழுத இடம் வேண்டும், குழுவாகப் பேசவும் வேண்டும்.

கோவையில் ஒரு நிறுவனம் தன் மேற்பார்வையாளர்கள் 40 பேருக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஹால் 40 அடி நீளம், 30 அடி அகலம். மொத்தம் 1,200 சதுர அடி. ஐவருக்கு ஒரு வட்ட மேசை என்றால் எட்டு மேசைகள். நாற்காலியைப் பின்னே தள்ளவும் பயிற்சியாளர் நடுவே நடக்கவும் சேர்த்து மேசைக்கு 100 சதுர அடி, ஆக 800. திரைக்கும் பயிற்சியாளருக்கும் முன்பக்கம் பத்தடி விட்டால் இன்னொரு 300. நூறு பேர் ஹால், நாற்பது பேரிலேயே ஏறத்தாழ நிறைந்துவிட்டது! தேநீர் மேசையை வெளியேதான் போட வேண்டும். ஆகவே "எத்தனை பேர்?" என்று கேட்பதைவிட, "வட்ட மேசை போட்டால் எத்தனை பேர்?" என்று கேட்பதே சரி.

"புரொஜெக்டர் இருக்கு" என்ற பதிலும் பாதி பதில்தான். திரையின் உயரத்தைக் கேளுங்கள். அதைப்போல் ஆறு மடங்கு தூரம் வரைதான் பெரிய எழுத்துகளைச் சிரமமின்றிப் படிக்க முடியும். எக்செல் அட்டவணை என்றால் நான்கு மடங்கு. ஆறடித் திரையில் அட்டவணையைக் காட்டினால் 24 அடிக்கு அப்பால் இருப்பவர் கண்ணைச் சுருக்குவார். காலர் மைக், மின்சாரம் போனால் ஏசியும் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

பணம் அதிகம் கரைவது தலைக்கணக்கில். மதிய உணவும் இருவேளைத் தேநீரும் சேர்த்துத் தலைக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய் என்றால், 40 பேருக்கு இரண்டு நாளுக்கு 96,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. குறைந்தபட்ச உத்தரவாதமாக 40 என்று எழுதிக் கொடுத்துவிட்டால், 34 பேர் வந்தாலும் இதே தொகைதான். 34 என்று உறுதி கொடுத்து, கூடுதலாக வருபவர்களுக்கும் சமைக்கச் சொன்னால் 14,400 ரூபாய் மிஞ்சும்.

ரத்து விதிகளில் கவனிக்க வேண்டியது, தேதி மாற்றத்தையும் ரத்தாகவே எண்ணுகிறார்களா என்பது. முகூர்த்த நாள்களில் கல்யாண வரவேற்புக்கு ஹால் நல்ல விலை போகும் என்பதால், அந்தத் தேதிகளுக்கு விதி கடுமையாக இருக்கக்கூடும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு உட்பட்டு நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். ஆனாலும் முன்பணத்துக்காக வழக்குப் போட யாருக்கு நேரமிருக்கிறது?

ஹோட்டலே ரத்து செய்தால் என்ன தருவார்கள் என்பதையும் கேட்டு, மின்னஞ்சலில் பதில் வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.