10²³ எப்படி 1023 ஆனது?

வார இறுதியில் படிவம் 4 மாணவர்கள் சிலருக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். சென்ற மாதம் பயிற்சிக் கேள்விகளைக் கணினியில் தட்டச்சு செய்து, அப்படியே நகலெடுத்துப் புலனக் குழுவில் போட்டேன். அதில் ஒரு கேள்வி: 0.5 மோல் கார்பன் டைஆக்சைடில் எத்தனை மூலக்கூறுகள்? அவோகாட்ரோ எண் 6.02 × 10²³ என்றும் கொடுத்திருந்தேன்.

ஒரு மாணவியின் விடை 3079 என்று வந்தது. சரியான விடை 3.01 × 10²³. "சார், நீங்கள் கொடுத்த எண்ணைத்தான் பெருக்கினேன்" என்று கைப்பேசியைக் காட்டினாள். அதில் 6.02 × 1023 என்று இருந்தது. அவள் கணக்கில் தவறில்லை. தவறு என் தட்டச்சில்.

ஏன் இப்படி ஆகிறது?

வேர்டில் 23ஐத் தேர்ந்தெடுத்து Ctrl + Shift + = அழுத்தினால் அது மேலே ஏறும். H2O-வில் 2ஐத் தேர்ந்தெடுத்து Ctrl + = அழுத்தினால் கீழே இறங்கும். மறுபடி அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். ஆனால் உள்ளே இருப்பது சாதாரண 2, சாதாரண 23 மட்டுமே. மேலும் கீழும் காட்டுவது வெறும் அலங்காரம். புலனம் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலங்காரத்தை விட்டுவிடுகிறது. அச்சிடும் தாளுக்கும் PDF கோப்புக்கும் இந்த முறை போதும். குறுஞ்செய்திக்குப் போதாது.

செய்தியாக அனுப்ப வேண்டுமானால்

பிறவியிலேயே சிறியதாக இருக்கும் யூனிகோட் எண்கள் தனியாக உள்ளன. அவை எங்கே ஒட்டினாலும் மாறாது. விண்டோஸ் வேர்டில் குறியீட்டைத் தட்டி, அதை மட்டும் தேர்ந்தெடுத்து, Alt + X அழுத்துங்கள்.

```
₂ = 2082    ₄ = 2084
¹ = 00B9    ² = 00B2    ³ = 00B3
⁻ = 207B
```

கீழ் எண்களை நினைவில் வைப்பது சுலபம்: 208 என்று தட்டி, பக்கத்தில் வேண்டிய எண்ணைச் சேர்த்தால் போதும். மேல் எண்களுக்கு 207. மேலே உள்ள 1, 2, 3 மட்டும் விதிவிலக்கு.

குறியீட்டைத் தேர்ந்தெடுக்காமல் அழுத்தினால் சில இடங்களில் காலை வாரிவிடும். C என்ற எழுத்தும் இந்தக் குறியீடுகளில் வரக்கூடியது. ஆகவே C-க்குப் பின்னால் 2082 தட்டினால், வேர்ட் அதை C2082 என்று சேர்த்துப் படிக்கும். 10-க்குப் பின்னால் தட்டினாலும் இதே சிக்கல்தான். சின்ன எண்ணுக்குப் பதிலாக வெற்றுப் பெட்டி தெரிந்தால், அந்த எழுத்துருவில் அந்தக் குறி இல்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

பின்னங்கள்

Alt + = அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வரும். அதில் (a+b)/2 என்று தட்டி இடைவெளி விட்டால், மேலும் கீழுமாகப் பின்னம் தானே அமையும். இந்தப் பெட்டியை நகலெடுத்துச் செய்தியில் ஒட்டுவதை நம்பாதீர்கள். செய்தியில் (a+b)/2 என்றே அடைப்புக்குறியுடன் எழுதுங்கள். அடைப்புக்குறி விடுபட்டு a+b/2 ஆனால், b மட்டும்தான் இரண்டால் வகுபடும். விடையே மாறிவிடும்.

அலகுகள்

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும்: 25 cm³. ஆனால் சாதாரண இடைவெளி விட்டால், 25 வரியின் கடைசியிலும் cm³ அடுத்த வரியிலும் போய் விழலாம். அங்கே Ctrl + Shift + Space அழுத்தினால் இரண்டும் பிரியாது. 0.5 mol dm⁻³ என்பதிலும் இரண்டு இடைவெளிகளையும் இப்படியே விடுங்கள். மூன்றும் ஒன்றாகவே நிற்கும்.

கேள்விகள் அதிகமாக இருந்தால் இவ்வளவும் தட்டத் தேவையில்லை. Save As-இல் PDF என்று தேர்ந்தெடுத்துச் சேமித்து, அந்தக் கோப்பை அனுப்பினால் கணினியில் பார்த்ததே கைப்பேசியிலும் தெரியும்.

இப்போது நான் குழுவில் போடும் முன், என் சொந்த எண்ணுக்கே அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பார்க்கிறேன். முதலில் பார்ப்பது பத்தின் அடுக்கு, அடுத்து அலகின் அடுக்கு. H2O என்று வந்தாலும் மாணவர்கள் தண்ணீர் என்று புரிந்துகொள்வார்கள். 1023 என்று வந்தால் பெருக்கிவிடுவார்கள்.