அடிச்சீட்டில் போட்ட கையெழுத்து

விற்பவர் கொட்டேஷன் அனுப்புகிறார். அதில் பொடி எழுத்தில் அவருடைய நிபந்தனைகள் இருக்கின்றன. வாங்குபவர் பதிலுக்கு பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்புகிறார். அதில் இருப்பவை அவருடைய நிபந்தனைகள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை; இருவரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடுவதும் இல்லை. சரக்கு போய்விடுகிறது. தகராறு வந்த பிறகுதான், யாருடைய நிபந்தனை செல்லும் என்ற கேள்வி எழுகிறது.

இங்கிலாந்தில் பட்லர் மெஷின் டூல் என்ற நிறுவனம் இப்படித்தான் மாட்டிக்கொண்டது. 1969 மே 23 அன்று, ஓர் இயந்திரத்தை 75,535 பவுண்டுக்குப் பத்து மாதத்தில் செய்து தருவதாக எக்ஸ்-செல்-ஓ நிறுவனத்துக்கு அது கொட்டேஷன் கொடுத்தது. டெலிவரி நாளில் விலை ஏறியிருந்தால் ஏறிய விலையைத்தான் தர வேண்டும், எங்கள் நிபந்தனைகளே மேலோங்கும் என்றும் அதில் இருந்தது. நான்கு நாள் கழித்து எக்ஸ்-செல்-ஓ ஆர்டர் அனுப்பியது. அதன் நிபந்தனைகளில் விலையேற்றத்துக்கு இடமே இல்லை. தாளின் அடியில் கிழித்து அனுப்ப ஒரு சீட்டு: ‘உங்கள் ஆர்டரை அதில் கண்ட நிபந்தனைகளின்படி ஏற்கிறோம்.’

பட்லர் அந்தச் சீட்டில் கையெழுத்திட்டு, ஜூன் 5 அன்று திருப்பி அனுப்பியது. கூடவே, மே 23 கொட்டேஷன்படி ஆர்டரைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு கடிதமும் வைத்தது. பிறகு, விலை ஏறிவிட்டதாகச் சொல்லி 2,892 பவுண்டு கூடுதலாகக் கேட்டது.

கீழ் நீதிமன்றம் பட்லர் பக்கம் நின்றது. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நிபந்தனையை மாற்றி அனுப்பும் பதில் சம்மதம் ஆகாது. அது பழைய முன்மொழிவைத் தள்ளிவிட்டு வைக்கப்படும் புது முன்மொழிவு. எக்ஸ்-செல்-ஓ வைத்த அந்தப் புது முன்மொழிவைச் சீட்டின் கையெழுத்து ஏற்றுக்கொண்டுவிட்டது. உடன் வைத்த கடிதம் எந்த இயந்திரம், என்ன விலை என்பதை மட்டுமே குறிக்கிறது, பழைய நிபந்தனைகளை மீட்டு வராது என்றார்கள் நீதிபதிகள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒரே உறையில் சம்மதத்தையும் மறுப்பையும் வைத்து அனுப்ப முடியாது.

கையெழுத்தே இல்லாவிட்டால்? வழக்கமாகக் கடைசியாகப் போன தாள் ஜெயிக்கும். மறுப்புச் சொல்லாமல் சரக்கை வாங்கிக்கொள்வதே சம்மதமாகிவிடும். நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவும், சம்மதம் முழுமையாக, நிபந்தனையின்றி இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. செயலால் சம்மதம் தெரிவிப்பதை 8-ஆம் பிரிவு ஏற்கிறது.

தொழில் செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆர்டரோடு வரும் சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். அதில் உடன்பாடு இல்லையென்றால், எந்த நிபந்தனையை ஏற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். எதிர்த்தரப்பு அதற்குச் சம்மதித்து எழுதிய பிறகே சரக்கை ஏற்றுங்கள்.